மேட் விக்கெட், பனிப் புல், கோவை டர்ஃப்: பையனுக்கு எந்த ஷூ?

"என் மகனுக்கு 15 வயது. குன்னூரில் விளையாடுகிறான். மீடியம் பேஸ் போடுவான், ஏழாவதாக பேட்டிங் இறங்குவான். எங்கள் கிரவுண்டில் மேட் விக்கெட்தான். போன வாரம் காலையில் ரன்-அப்பில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. கடையில் ஸ்பைக்ஸ் வாங்கச் சொல்கிறார்கள், கோச் ரப்பர் போதும் என்கிறார். அடுத்த மாதம் கோவையில் டர்ஃப் விக்கெட்டில் செலக்‌ஷன் மேட்ச் வேறு இருக்கிறது. ஸ்பைக்ஸா, ரப்பரா? ஒரே ஜோடி எல்லாவற்றுக்கும் போதாதா?"

குன்னூர் கிரவுண்டுக்கு ரப்பர் அடி. கோவையில் மண்ணும் புல்லுமான டர்ஃப் விக்கெட் என்பதால், அங்கே முன்பாதத்திலும் குதிகாலிலும் ஆணி உள்ள ஃபுல் ஸ்பைக். ஒரே ஜோடி இரண்டுக்கும் உதவாது. உங்கள் கோச் சொன்னது சரி. ஆனால் வெறுமனே ரப்பர் ஷூ வாங்கிக் கொடுத்தால் தம்பி மறுபடியும் வழுக்குவான், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மலையில் இருபது வருஷத்துக்கு மேல் பந்து போட்டிருக்கிறேன், இப்போது பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த வழுக்கலை நான் பார்க்காத சீசன் இல்லை.

முதலில் மேட் மேல் ஸ்பைக்ஸ் ஏன் கூடாது என்பது. மேட் கிழியும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அது உண்மை. கயிற்று மேட்டின் பின்னலில் ஆணி மாட்டினால் இழை பிரியும், நான்கு ஓவரில் கிரீஸ் பக்கம் ஓட்டை விழும், அப்புறம் பந்து அந்த ஓட்டையில் பட்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் போடுகிறவனின் முட்டி. பந்தை விடும்போது முன்கால் பூமியில் ஊன்றி நிற்க, உடம்பு அதன் மேல் திரும்புகிறது. டர்ஃபில் மண் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் பாதமும் சற்றுத் திரும்பும். மேட் பின்னலில் ஆணி மாட்டிக்கொண்டால் பாதம் அங்கேயே நின்றுவிடும், திருகல் முழுவதையும் முட்டி வாங்கும். எனக்கு 19 வயதில் இது நடந்தது. மேட் விக்கெட் என்று தெரிந்தும், ஒரு நாள்தானே என்று ஸ்பைக்ஸ் போட்டு இறங்கினேன். மூன்றாவது ஓவரில் இடது முட்டி திருகிக்கொண்டது, அந்த சீசன் முழுக்க உட்கார்ந்தேன்.

மேட் விரித்திருப்பது சிமெண்ட் மேல் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆணி பின்னலைத் தாண்டிப் போய் சிமெண்டில் முட்டும். சிமெண்டுக்குள் அது இறங்க முடியாது. அதனால் தரையைப் பிடிக்க வேண்டிய ஆணியே உருளும் கல் மாதிரி ஆகிவிடும், பிடிமானம் ரப்பரைவிட மோசமாகப் போகும். உடம்பின் பாரம் பத்துப் பதினோரு புள்ளிகளில் மட்டும் விழுவதால், ஒவ்வொரு ஆணியும் ஷூவின் அடிவழியாக உள்ளங்காலைக் குத்தும். வேகமாகப் போடுகிறவர்களின் முன்கால் இறங்கும்போது உடல் எடையைப் போல ஐந்து மடங்கும் அதற்கு மேலும் அந்தக் காலில் விழுகிறது. தம்பி மீடியம் பேஸ் என்பதால் கொஞ்சம் குறையலாம், ஆனால் ஒரு காலைப் பொழுதில் அறுபது பந்து போட்டால் அந்தக் குத்தலின் கணக்கு என்ன ஆகும் என்று பாருங்கள்.

சரி, இவ்வளவும் ரப்பருக்கு ஆதரவாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் அவன் விழுந்தான்? ஏனென்றால் அவன் விழுந்தது மேட் மேல் இல்லை. நீங்களே ரன்-அப்பில் என்று எழுதியிருக்கிறீர்கள். மலை கிரவுண்டில் பவுலருக்கு இரண்டு தரை. ஓடி வருவது புல்லில், இறங்குவது மேட்டிங்கில். சமவெளியில் வெயில் ஏறிய கிரவுண்டில் இந்த வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் புல்லும் காய்ந்திருக்கும். நம்மூரில் டிசம்பர், ஜனவரி காலையில் புல்லெல்லாம் பனி. ஊட்டிப் பக்கம் உறைபனியே விழும், வெயில் பட்டதும் அது தண்ணீராகி இன்னும் மோசமாகும். அதோடு நம் மைதானங்களில் பரவிக் கிடப்பது பெரும்பாலும் கிக்குயு புல். மெத்தை மாதிரி அடர்ந்து படரும், அடியில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மேலே கையால் தடவினால் காய்ந்தது போல இருக்கும், ஷூவால் அழுத்தினால் தண்ணீர் கசியும். கிரவுண்டை ஒட்டி யூகலிப்டஸ் வரிசை இருந்தால், நிழல் விழும் முனை பதினோரு மணி வரைக்கும் ஈரம்தான், எதிர் முனை ஒன்பதரைக்கே காய்ந்துவிடும். தம்பி எந்த முனையிலிருந்து போட்டபோது விழுந்தான் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த இரண்டு தரையும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பதுதான் எல்லாம். இதற்கு ஒரு டேப் எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போக வேண்டும். ஸ்டம்பிலிருந்து ஸ்டம்புக்கு 66 அடி. ஸ்டம்ப் கோட்டிலிருந்து 4 அடி முன்னால் பாப்பிங் கிரீஸ். ஆகவே ஒரு பாப்பிங் கிரீஸிலிருந்து எதிர் பாப்பிங் கிரீஸுக்கு 58 அடி. டர்ஃப் அல்லாத விக்கெட்டுக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச நீளமும் இதே 58 அடிதான், அகலம் 6 அடி. அதாவது 58 அடி மேட் விரித்தாலே மேட்ச் செல்லும். பேட்ஸ்மேனுக்கு அதில் பெரிய குறை இல்லை. ஆனால் பவுலர்? அவன் முன்கால் கிரீஸுக்குப் பின்னால் ஊன்ற வேண்டும். மேட் கிரீஸோடு முடிந்துவிட்டால் அவன் இரண்டு காலும் மேட்டுக்கு வெளியே, ஈர மண்ணிலோ புல்லிலோ இறங்கும்.

66 அடி மேட் என்றால் அது ஸ்டம்ப் கோட்டோடு முடியும். அப்போது முன்கால் மேட் மேல் நன்றாக விழும். பின்கால்? தம்பி உயரத்துக்கு, பந்து விடும்போது எடுத்துவைக்கும் கடைசி எட்டின் நீளம் நாலு, நாலரை அடி இருக்கும். முன்கால் கிரீஸில் என்றால் பின்கால் மேட் முடியும் ஓரத்துக்கே வந்து நிற்கும். அவன் குதித்து எழும்பும் கால் அதற்கும் பின்னால், சுத்தமான பனிப் புல்லில். ஆக மூன்று இடம்: எழும்பும் கால் புல்லில், பின்கால் மேட் ஓரத்தில், முன்கால் மேட் மேல். ரப்பர் ஷூ மூன்றாவது இடத்தில் மட்டும்தான் நிம்மதியாக வேலை செய்கிறது.

இதில் எந்த இடத்தில் வழுக்கியது என்று தரையே சொல்லும். அடுத்த முறை வழுக்கினால் உடனே போய் அந்தத் தடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புல் மடிந்து, நீளமாக வழுவழுவென்று ஒரு கோடு இழுத்திருந்தால் ஷூவின் அடி பிடிக்கவில்லை என்று அர்த்தம். அடி தேய்ந்திருக்கும், அல்லது மண்ணும் புல்லும் அப்பி மழுங்கியிருக்கும். கோடு இல்லாமல் புல் கட்டியாகப் பெயர்ந்து வந்திருந்தால் ஷூ பிடித்தது, தரை பிடிக்கவில்லை. அங்கே எந்த ஷூ போட்டாலும் அதுதான் நடக்கும். இடத்தை மாற்ற வேண்டும், இல்லை தரையைச் சரிசெய்ய வேண்டும். மேட் ஓரம் சுருண்டு நிமிர்ந்திருந்தால் அவன் வழுக்கியே இருக்க மாட்டான், தடுக்கியிருப்பான். மூன்றுக்கும் தனித்தனி மருந்து.

போன டிசம்பரில் ஒரு பையனுக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அவனும் மீடியம் பேஸ், பதினான்கு எட்டு ரன்-அப், ஷூ புதுசு, ரப்பர் அடியும் நல்லது. இருந்தும் காலை மேட்சுகளில் முதல் ஸ்பெல்லில் மூன்று நான்கு முறை தடுமாறுவான், பயத்தில் கடைசி எட்டைச் சுருக்குவான், பந்து லெக் பக்கம் ஷார்ட்டாகப் போகும். தடம் பார்த்தோம். ஸ்டம்ப் கோட்டுக்குப் பின்னால் ஏறக்குறைய நாலு அடியில், எழும்பும் இடத்தில், வழுவழு கோடு. மேட் 66 அடி, ஸ்டம்போடு முடிந்தது. கிரவுண்ட் அறையில் ஓட்டை விழுந்து ஒதுக்கிய பழைய மேட் கிடந்தது. அதில் நல்ல பகுதியாக எட்டு அடி நீளத்துக்கு வெட்டி, மேட் முடியும் இடத்திலிருந்து பின்பக்கமாக விரித்தோம். இரண்டு மேட்டும் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், முனையோடு முனை ஒட்ட வைத்து, ஓரமெல்லாம் ஆணி அடித்தோம். ஆணியின் தலை பின்னலுக்குள் புதையும் வரை அடிக்க வேண்டும், இது முக்கியம். இப்போது அவனுடைய கடைசி மூன்று கால்களும் மேட் மேல் வந்துவிட்டன. புல்லில் இருப்பது நேராக ஓடும் எட்டுகள் மட்டும். நேராக ஓடும்போது ரப்பர் அடி ஈரப் புல்லைத் தாங்கும். ஓட்டத்தைத் தூக்கி மேலே திருப்பும் அந்த ஒரு காலில்தான் அது தோற்கிறது.

பழைய மேட் கிடைக்காவிட்டால் மரத்தூள். டிம்பர் டிப்போவில் கேட்டால் கொடுப்பார்கள். எழும்பும் இடத்தில் ஈரத்தை முதலில் சாக்கால் ஒத்தி எடுத்துவிட்டு, ஒரு கை அளவு தடிமனாகக் கொட்டிக் காலால் மிதித்து அழுத்த வேண்டும். தூளை மேலே தூவினால் மட்டும் போதாது, ஈரத்தோடு சேர்ந்து அது சோப்பு மாதிரி ஆகும். ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். மழைக் காலத்தில் டர்ஃப் விக்கெட்டிலும் கால் ஊன்றும் குழிக்கு இதைத்தான் போடுகிறார்கள்.

இனி ரப்பர் ஷூவை எப்படிப் பார்த்து வாங்குவது என்பது. கடையில் அடியைத் திருப்பி, புடைப்புகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது அமுங்க வேண்டும். பிளாஸ்டிக் போல விறைப்பாக இருந்தால் வேண்டாம், நம் காலைக் குளிரில் அது இன்னும் விறைக்கும். புடைப்புகள் தனித்தனியாக, நடுவே மண் விழுந்து போக இடைவெளி விட்டு இருக்க வேண்டும். கோடு கோடாக வெட்டிய அடி ஓடும் ஷூவுக்குச் சரி, ஈரப் புல்லில் பயன் இல்லை. ஹாக்கிக்காரர்கள் போடும் ஆஸ்ட்ரோ ஷூ கிடைத்தால் பவுலிங்குக்கு மோசமில்லை, புடைப்புகள் நெருக்கமாக நிறைய இருக்கும். ஃபுட்பால் பூட்ஸ் மட்டும் வேண்டாம். மலையில் பாதிப் பையன்கள் ஃபுட்பாலும் ஆடுவதால் அதையே போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். புல்லில் அது பிடிக்கும், வாஸ்தவம். ஆனால் குதிகாலுக்கு அடியில் மெத்தை கிடையாது, மேட் மேல் சில கட்டைகளில் மட்டும் நிற்கும். பந்து போடும் பையனுக்குக் கணுக்கால், குதிகால் வலியாகத்தான் முடியும்.

மேட்ச் நடக்கும்போது அடியைச் சுத்தமாக வைத்திருப்பது ஷூவின் தரம் அளவுக்கே முக்கியம். இரண்டு பந்துக்கு ஒரு தடவை, ரன்-அப் தொடங்கும் இடத்துக்குத் திரும்பும்போது, அடியில் அப்பிய புல்லைத் தட்டிவிடச் சொல்லுங்கள். அவன் குறி வைக்கும் இடத்தில் ஒரு பழைய கயிற்று மிதியடி போட்டுவைத்தால் வேலை சுலபம்.

பேட்டிங்குக்கு வருகிறேன். மேட்டிங்கில் இது சுருக்கமான விஷயம்: ரப்பர், அதே ஜோடி. கயிற்று மேட் ஈரமானாலும் சொரசொரப்பு போகாது, ரப்பர் அதைப் பிடிக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று. பெவிலியனிலிருந்து ஈரப் புல்லில் நடந்து வரும்போதே அடியில் ஈரமும் மண்ணும் சேர்ந்துவிடும். முதல் பந்தை ஆடுவதற்கு முன் மேட் ஓரத்தில் நன்றாகத் தேய்த்து, பேட்டால் ஷூவைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும். ரன் ஓடித் திரும்பும்போது கடைசிக் கால் மேட்டுக்குள்ளேயே ஊன்ற வேண்டும். மேட் ஓரத்தைத் தாண்டிப் புல்லில் ஊன்றித் திரும்பினால் அங்கேதான் விழுவான். பேட்டை முன்கூட்டியே நீட்டி வைத்தால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

ஃபீல்டிங்கில்தான் ரப்பருக்கு நஷ்டம். ஈரமான அவுட்ஃபீல்டில் பந்தைத் துரத்திப் போய், குனிந்து, நின்று திரும்பி எறிய ஆணி இருந்தால் நல்லதுதான். பந்தும் போடாத, அன்றைக்கு ஆடியும் முடித்த பையன் பவுண்டரி பக்கம் ஸ்பைக்ஸோடு நிற்கலாம், மேட் மேல் கால் வைக்காதவரை. கிரவுண்ட் பார்க்கிறவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது தனி. ஆனால் தம்பி பவுலர். ஓவருக்கு ஓவர் ஷூ மாற்ற முடியாது. அவன் அடி எடுத்து வைப்பதைத்தான் மாற்ற வேண்டும். பந்தை நெருங்கும் கடைசி நான்கைந்து எட்டுகளைச் சிறியதாக எடுத்து, இடுப்பைத் தாழ்த்தி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லுங்கள். நீளமாக எட்டு வைத்து ஒரே காலில் பிரேக் போடுவதுதான் ரப்பரில் நடக்காது. கேப்டனிடம் சொல்லி, காலையில் முதல் ஒரு மணி நேரம் மிட்-ஆன், மிட்-ஆஃப் மாதிரி நேராக முன்னால் ஓடி வரும் இடத்தில் அவனை நிறுத்தினால் நல்லது.

இப்போது கோவை. இங்கே எல்லாம் தலைகீழ். ரன்-அப்பும் புல், இறங்கும் இடமும் மண். கட்டாயம் ஸ்பைக்ஸ். கடைக்காரர் ஹாஃப் ஸ்பைக் காட்டி, பேட்டிங், பவுலிங் இரண்டுக்கும் ஆகும் என்று சொல்லக்கூடும். ஹாஃப் ஸ்பைக்கில் முன்பாதத்தில் மட்டும் ஆணி, குதிகாலில் ரப்பர். அது பேட்ஸ்மேனுக்காகவே செய்தது. பேட்ஸ்மேன் தள்ளுவதும் ஓடுவதும் திரும்புவதும் முன்பாதத்தால். குதிகாலில் ஆணி இல்லாததால் பின்கால் சுலபமாகத் திரும்பும், நாள் முழுக்க நின்றாலும் குதிகாலில் குத்தாது. பவுலரின் கதை வேறு. முன்கால் உடம்புக்கு வெகு முன்னால் நீண்டு, பெரும்பாலானவர்களுக்குக் குதிகாலில்தான் முதலில் இறங்குகிறது. மொத்த ஓட்டத்தையும் அங்கேதான் நிறுத்த வேண்டும். அந்தக் குதிகாலில் ஆணி இல்லாவிட்டால் கால் முன்னால் சறுக்கும், தொடையின் உட்பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் தம்பிக்கு ஃபுல் ஸ்பைக். முன்பாதத்தில் ஆறேழு, குதிகாலில் மூன்று நான்கு ஆணி இருக்கும். அதையே போட்டுக்கொண்டு ஏழாவதாக இறங்கி பேட்டிங்கும் ஆடலாம், ஒரு குறையும் வராது. அவன் ஓப்பனராக இருந்தால் ஹாஃப் ஸ்பைக் தனியாக வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஆணியைக் கழற்றி அதே துளையில் ரப்பர் கட்டைகளைத் திருகிக்கொள்ளும் ஷூக்களும் கிடைக்கின்றன. ஒரே ஜோடி என்ற உங்கள் கேள்விக்கு அதுதான் கிட்டத்தட்ட பதில். ஆனால் ரப்பர் கட்டை மாட்டினாலும் நிற்பது அதே பத்துப் பதினோரு புள்ளியில்தான். சிமெண்ட் மேல் மேட் விரித்திருந்தால் அந்தப் புள்ளிகள் காலுக்குத் தெரியும். பணம் நெருக்கடி என்றால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள்.

ஸ்பைக்ஸை வாங்கி பெட்டியோடு கோவைக்குக் கொண்டுபோகாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்னால் வாங்கி, நம் கிரவுண்டிலேயே, மேட் பக்கம் போகாமல் அவுட்ஃபீல்ட் புல்லில் பழக வேண்டும். சுண்ணாம்புத் தூளில் ஒரு கிரீஸ் கோடு போட்டு, முழு ரன்-அப் ஓடி, குதித்து, இறங்கிப் பந்தை விடட்டும். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், நாலைந்து நாள். அப்போது ஒன்று கண்ணில் படும்: அவன் கோட்டைத் தாண்டுவான். ரப்பரில் ஈரப் புல்லில் ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் கொஞ்சம் பின்னால் வழுக்கும், அதைச் சேர்த்துத்தான் அவன் ரன்-அப் குறியை வைத்திருக்கிறான். ஆணி பிடித்ததும் ஒவ்வொரு எட்டும் கொஞ்சம் நீளும். நான் மேலே சொன்ன பையனுக்கு பதினான்கு எட்டில் ஒரு ஷூ நீளம் கூடியது. செலக்‌ஷன் மேட்சில் முதல் ஓவரிலேயே இரண்டு நோ-பால் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? குறியைப் பின்னால் தள்ளி, புது அளவை அடியில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

மேட்டிங்கிலேயே வளர்ந்த பையன்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு, அதை நாம் யாரும் கவனிப்பதில்லை. பந்தை விட்டபின் மேட் மேலேயே நேராக ஓடுவார்கள். மேட்டிங்கில் அதனால் தடம் விழாது, யாரும் கேட்க மாட்டார்கள். டர்ஃபில் அதே ஓட்டம் ஸ்பைக்ஸோடு போனால் பிட்ச்சில் ஓட்டை விழும். கிரீஸிலிருந்து 5 அடி தள்ளி ஆரம்பித்து, நடு ஸ்டம்பின் இரு பக்கமும் ஒவ்வொரு அடி அகலத்துக்கு உள்ள பகுதியில் பவுலர் ஓடக்கூடாது. அம்பயர் முதல் முறை எச்சரிப்பார், இரண்டாம் முறை கடைசி எச்சரிக்கை, மூன்றாம் முறை அந்த இன்னிங்ஸில் அவன் பந்து போட முடியாது. ஆகவே சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால், 5 அடியில் தொடங்கி இரண்டு அடி அகலத்துக்கு ஒரு கட்டம் போட்டு, நடுவில் நாலைந்து செருப்புகளை வைத்துவிடுங்கள். இறங்கியதும் இரண்டாவது, மூன்றாவது எட்டுக்குள் பக்கவாட்டில் விலக இரண்டு வாரத்தில் பழகிவிடுவான்.

அளவைப் பற்றி. மாலையில், மேட்சுக்குப் போடும் தடிமனான சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். நின்றபடி நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் மட்டும் இம்மியும் தூக்கக்கூடாது. முன்கால் இறங்கும்போது பாதம் ஷூவுக்குள் முன்னால் தள்ளும். இடம் இல்லாவிட்டால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். குன்னூர் குளிரில் கச்சிதமாக இருக்கும் ஷூ, கோவை வெயிலில் மதியம் இறுக்கும், கால் வீங்குவதால். 15 வயதுக் கால் வளர்ந்துகொண்டே இருக்கும் என்று இரண்டு சைஸ் பெரியதாக வாங்காதீர்கள். ஸ்பைக்ஸில் தொளதொளவென்ற ஷூ நேராகக் கணுக்கால் சுளுக்குதான்.

ஈரமான ஷூவை அடுப்புப் பக்கமோ ஹீட்டர் பக்கமோ வைத்துக் காயவைப்பது நம் வீடுகளில் வழக்கம். கிரிக்கெட் ஷூவுக்கு அது ஆகாது. அடியை ஒட்டிய பசை விட்டு, நுனியில் வாய் பிளக்கும். உள்ளே நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றி, காற்றில் வையுங்கள். நம் மூடுபனியில் இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான். ஸ்பைக்ஸ் நனைந்தால் ஆணிகளைக் கழற்றித் துடைத்து, மரையில் ஒரு துளி வாஸ்லின் தடவி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாமல் ஒரு மழை சீசன் போனால் ஆணி துருப்பிடித்து உள்ளேயே இறுகிவிடும், பிறகு தேய்ந்த ஆணியை மாற்றவே முடியாது.

மேட்ச் அன்றைக்கு ஸ்பைக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும். பெவிலியன் சிமெண்ட் படியில் ஸ்பைக்ஸோடு இறங்குவது பனிப் புல்லைவிட ஆபத்து, ஆணி முனையும் மழுங்கும். புல்லில் கால் வைக்கும் இடத்தில் உட்கார்ந்து போட்டுக்கொள்வது நல்லது. பையில் ஆணி திருகும் சாவியும் நாலைந்து மாற்று ஆணியும் இருக்க வேண்டும். புது ஷூவில் முதல் ஸ்பெல் முடிந்ததும் ஒவ்வொரு ஆணியையும் ஒரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும். முதல் நாளில் இரண்டு மூன்றாவது தளர்ந்திருக்கும். தளர்ந்த ஆணியோடே ஓடினால் துளையின் மரை போய்விடும், அந்தத் துளையில் அப்புறம் எந்த ஆணியும் நிற்காது.